தங்குமிடமும் உணவும்

சலவைக் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்பது என் பெருமைக்குச் சொல்வது. உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, அடிக்கடி காகிதத்தை மென்றுவிடும் ஒரு பிரின்டர், அவ்வளவுதான். கீழே துணி உலர்த்தும் மெஷின்கள் ஓடினால் என் தரை அதிரும், தேநீர்க் கோப்பையில் வட்டம் வட்டமாக அலை எழும். வருடத்தில் மூன்று மாதம் இந்த மாடிப்படியில், இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த நம்மவர்கள் வரிசையாக நிற்பார்கள். மீதி ஒன்பது மாதம் என்னைத் தெருவில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வரிக் கணக்கு எழுதுபவனும் பல் பிடுங்குபவனும் ஒரே சாதி. வலிக்கிறபோது மட்டும்தான் ஞாபகத்துக்கு வருவோம்.

வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு உண்டு. முதலாளி கொடுத்த ஆண்டுச் சம்பளத் தாளைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார்கள். போனைத் திறந்து, பேங்கில் இருந்து வந்த மெசேஜைக் காட்டி, "இதாங்க நம்ம சம்பளம்" என்பார்கள். கைக்கு வந்ததுதான் சம்பளம் என்று இவர்களுக்கு யாரோ கருப்பையிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கைக்கு வருவதற்கு முன்னாலேயே அதில் வரியும் ஓய்வூதியப் பிடித்தமும் போயிருக்கும், வரி ஆபீஸ் கணக்குப் பார்ப்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையை வைத்துத்தான் என்று ஒவ்வொரு தலைக்கும் தனித்தனியாகச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது.

அந்த அக்கா அப்படி இல்லை. தாளை மடிக்காமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதைத் தொட்டிருக்கும். உட்காரச் சொல்லும்வரை நின்றார். உட்கார்ந்த பிறகும் கோட்டைக் கழற்றவில்லை.

"வீட்டு வேலைங்களா?" என்று கேட்டேன்.

"வயசானவங்களப் பாத்துக்கற வேலை. ஒரே வீட்லதான் நாலு வருசமா. அந்தம்மா படுத்த படுக்கை."

"இப்பவும் அங்கதானா?"

"அம்மா தவறிட்டாங்க, தம்பி. அவங்க மகன் வெளியூர்ல இருக்காரு. வீட்டை விக்கிற வரைக்கும் நீங்களே இருங்கன்னு சொல்லியிருக்காரு. செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன்."

பஸ் நின்றது, இறங்கினேன் என்பதுபோலச் சொன்னார். வருத்தம் இல்லாத குரல் என்று சொல்ல முடியாது. அந்தக் குரலில் எதுவுமே இல்லை. நானும் அந்த மாதிரி நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன். எனக்கு மனிதர்களைவிடக் கட்டங்களோடு பேசுவது சுலபம்.

தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். மேலே முதலாளியின் பெயர், அவர்களுடைய பதிவு எண். அதற்குக் கீழே அக்காவின் பெயர், அவருடைய வரி எண். பிறகு வரிசைகள். முதல் வரிசையில் ரொக்கச் சம்பளம், பிடித்தத்துக்கு முன்னால் உள்ளது. இரண்டாவது, வரிக்கு உட்பட்ட மொத்த வருமானம். மூன்றாவது, மாதாமாதம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டிய வரி. நான்காவது, ஓய்வூதியத்துக்குப் பிடித்தது.

"மாசாமாசம் புடிச்சது ஒரு குத்துமதிப்புதான் அக்கா. வருசக் கடைசியில முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பாங்க. கூடப் புடிச்சிருந்தா திருப்பித் தருவாங்க. குறையாப் புடிச்சிருந்தா நாம கட்டணும். நான் எழுதிக் குடுக்குற கணக்கு இது மட்டும்தான், இதுல மந்திரமும் இல்ல மாயமும் இல்ல."

"போன வருசம் திரும்பி வந்துச்சே தம்பி. வேறொருத்தர் எழுதினாரு. இந்தத் தடவையும் வரும்னுதான்…" என்று நிறுத்தினார். "வேலை அனுமதி அடுத்த மாசம் முடியுது. புதுப்பிக்க வரி பாக்கி இல்லைன்னு ரசீது கேக்குறாங்க. வேலைக்குப் புது வீடு ஒண்ணு பேசி வச்சிருக்கேன். அனுமதி இருந்தாத்தான் சேத்துப்பாங்க."

நான் கணக்கைப் போட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டேன். திரும்பி வரவில்லை. கட்ட வேண்டியிருந்தது, அதுவும் அக்காவின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே. எனக்குக் கோபம் வந்தது. தப்பு என்னுடையதாக இருந்தால் எனக்குக் கோபம் வராது, அடுத்தவருடையது என்றால் உடனே வரும். தாளில் ரொக்கச் சம்பளமும் மொத்த வருமானமும் ஒத்துப்போகவில்லை. நடுவில் நான் தொட்டுக் காட்டாமல் தாண்டிப்போன ஒரு சின்ன வரிசை. போன வருடத் தாளை வாங்கிப் பார்த்தேன், அதில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இந்த வருடம் அதில் தொகை உட்கார்ந்திருந்தது. தங்குமிடமும் உணவும்.

"இது என்ன தம்பி?"

"உங்களுக்கு ரூம் குடுத்தாங்கல்ல, சாப்பாடு போட்டாங்கல்ல. அதுக்கு விலை போட்டு உங்க வருமானத்துல சேத்திருக்காங்க. காசாக் குடுக்கலைன்னாலும் வருமானம் வருமானம்தான்னு அர்த்தம். வருசக் கடைசியிலதான் சேத்திருக்காங்க, அதனால மாசாமாசம் இதுக்கு வரி புடிக்கல. அந்தப் பாக்கிதான் இப்ப உங்க தலையில வந்து நிக்குது."

அக்கா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டுக்கு விலையா?" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. கடைக்காரரிடம் ஒரு பொருளைக் காட்டிக் கேட்பதுபோலக் கேட்டார்.

"இதை விட்டுட்டு எழுத முடியாதா?"

"முடியாது. இதோட நகல் ஒண்ணு வரி ஆபீஸுக்கு ஏற்கெனவே போயிருக்கும். நீங்க ஒண்ணு எழுதி, அவங்ககிட்ட இன்னொண்ணு இருந்தா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். தாளை மாத்துறதா இருந்தா குடுத்தவங்கதான் மாத்தணும். நீங்களும் கை வைக்கக் கூடாது, நானும் வைக்கக் கூடாது."

கோட்டுப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். மகன் அனுப்பிய கடிதத்தின் பிரதி. "இதப் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு முழுசாப் புரியல. ஆனா நல்ல கடிதம்னு தெரியும்."

நல்ல கடிதம்தான். சம்பளக் கணக்கு பார்க்கும் கம்பெனி வருடக் கடைசியில் மகனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: ரொக்கம் தவிர இவருக்கு வேறு ஏதாவது கொடுத்தீர்களா? அந்த மனிதர் பெருந்தன்மையோடு பதில் எழுதியிருக்கிறார். இவர் எங்கள் வீட்டுப் பெண், என் அம்மாவுக்கு ஒரு மகள் மாதிரி, எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு அறையும் எங்களோடு உணவும் அன்போடு கொடுத்தோம். அந்தப் பதிலின் நகலைத்தான் அக்காவுக்கும் அனுப்பியிருந்தார். கம்பெனிக்காரன் அன்பைப் படிக்கவில்லை. அறை என்று படித்தான், உணவு என்று படித்தான், நிர்ணயித்த விலையைப் போட்டுவிட்டான்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அக்கா 'மகள்' என்ற இடத்தில் தலையை ஒரு தடவை அசைத்தார்.

"அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல" என்றார். "பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. இவரு எழுதியிருக்காரு பாருங்க."

அந்தக் காகிதத்தின் மடிப்பு பிய்ந்துபோகிற நிலையில் இருந்தது. எத்தனை தடவை பிரித்து மடித்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் அவருடைய போனில் அலாரம் அடித்தது. பறவை கத்துவதுபோல ஒரு சத்தம். அக்கா எழுந்தார். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று பரபரவென்று தேய்த்துக்கொண்டார். இரண்டு எட்டு வைத்து, என் பிரின்டருக்கு முன்னால் போய் நின்றார். அங்கே கட்டில் இல்லை என்பது அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. திரும்பி வந்து, அலாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"என்னக்கா?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொரட்டிப் போடணும் தம்பி. இல்லைன்னா முதுகுல புண்ணு வந்துரும். கை சில்லுன்னு இருந்தா அம்மா திடுக்குனு முழிச்சுக்குவாங்க, அதான் தேச்சுச் சூடு பண்ணிக்கறது."

"ராத்திரியிலுமா?"

"ராத்திரிக்கு என்ன தனிக் கணக்கா? நாலு வருசத்துல ஒரு புண்ணு வரல. டாக்டரே சொன்னாரு."

"அப்ப உங்க ரூம் எங்க?"

"ரூம் எங்க இருந்துச்சு? அம்மா கட்டிலுக்குப் பக்கத்துலதான் என் கட்டில். ரூம்னு ஒண்ணு மாடியில இருந்துச்சு, துணி வச்சிருந்தேன்."

நான் பேனாவை வைத்தேன். இந்தத் தொழிலில் எனக்குச் சந்தோஷம் வருவது அபூர்வம். வந்தால் காது சூடாகும். அப்போது சூடானது.

"அக்கா, நல்லா கேளுங்க. இங்க ஒரு விதி இருக்கு. முதலாளி குடுக்குற இடம், வேலை நடக்குற அதே வீட்ல இருக்கணும். முதலாளியோட தேவைக்காக நீங்க அங்க தங்கியிருக்கணும். தங்கினாத்தான் வேலைன்னு நிபந்தனை இருக்கணும். இந்த மூணும் இருந்தா அதுக்கு விலை போட்டு வருமானத்துல சேக்கக் கூடாது. சாப்பாடும் அப்படித்தான், வேலையை விட்டு நகர முடியாததால அங்கேயே சாப்பிட்டா வருமானம் இல்ல. சும்மா சலுகையாக் குடுத்தா மட்டும்தான் வரி. வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தம் எழுதினீங்களா?"

இருந்தது. அதுவும் பிளாஸ்டிக் உறையில். இரண்டாவது பக்கத்தில், இரவிலும் நோயாளியின் அருகிலேயே தங்கியிருக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது, கீழே அந்தம்மாவின் நடுங்கிய கையெழுத்தோடு. முந்தைய வருடங்களில் கம்பெனியின் கேள்விக்கு அந்தம்மாவே பதில் சொல்லியிருக்கிறார், அதன் நகலும் அதே உறையில் இருந்தது. சலுகை ஏதுமில்லை, வேலைக்காகத் தங்குகிறார். அதனால்தான் அந்த இடம் வெறுமையாக இருந்தது. படுக்கையில் கிடந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, நடமாடுகிற மகனுக்குத் தெரியவில்லை.

மகனுக்குப் போன் போட்டேன். அக்கா கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அவர்கள் மொழியில் பேசி, அவ்வப்போது தமிழில் சொன்னேன். நல்ல மனிதர். வரி ஏறிவிட்டது என்றதும் பதறினார், தானே கட்டுவதாகக்கூடச் சொன்னார். அவர் கட்டினால் அதுவும் சம்பளமாகிவிடும், அதற்கும் வரி வரும் என்று விளக்கினேன். திருத்திய தாள் ஒன்று கம்பெனி மூலம் கொடுத்தால் போதும் என்றேன். அதற்கு அவர், அங்கே தங்குவது வேலையின் கட்டாயம் என்று கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும் என்றதும், இழுத்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். தன் அம்மா ஒருத்தரைக் கட்டாயப்படுத்தித் தன் கட்டிலோரம் படுக்கவைத்தார் என்று எழுதக் கை வரவில்லை. அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்தது அது இல்லை. அக்காவே அப்படித்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதை வைத்துத் தானும் எழுதித் தருவதாகச் சொன்னார். அவருக்கு அது வேலைதான் என்றால் வேலை என்றே எழுதுகிறேன், என்றார். புண்பட்ட குரல். அதை நான் தமிழில் சொல்லாமல் விழுங்கியிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

கீழே மெஷின் நின்றது, தரை அதிர்வதும் நின்றது.

யார் பட்ட பாட்டுக்கு யார் அங்கலாய்ப்பது என்று எனக்குத் தோன்றியது. நாலு வருடம் தூங்காமல் கிடந்தவர் இவர், மனம் புண்படுவது எங்கோ இருக்கிற மகனுக்கு. அந்தக் கோபத்திலேயே கம்ப்யூட்டரில் வாக்குமூலத்தைத் தட்டினேன். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டுவது என் வேலை. அதற்காக அவர் அறையிலேயே தங்கியிருப்பது வேலையின் நிபந்தனை. என் சொந்த விருப்பத்தின் பேரில் நான் அங்கே தங்கவில்லை. பிரின்டர் ஒரு தடவை மென்று, மறுதடவை துப்பியது. வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"கடைசி வரியை எடுத்துருங்க" என்றார்.

"அது இருந்தா பலமா இருக்கும்க்கா."

"அது பொய், தம்பி."

"அனுமதி போச்சுன்னா புது வேலையும் போயிரும். பாவம் புண்ணியம் பாக்குற நேரமா இது?"

"பொய்யின்னு சொல்றேன்ல." அப்போதும் குரல் உயரவில்லை. "வேலைக்காகத்தான் இருந்தேன். அத நல்லாவே எழுதுங்க, எனக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சம்பளம் வாங்கிட்டுத்தான் பொரட்டினேன். ஆனா விருப்பம் இல்லாம இருந்தேன்னு எப்படி எழுதுறது? ஒரு வருசத்துக்குப் பொறகு லீவு குடுத்தாங்க, ஆள் மாத்தி விடறேன்னாங்க. நான் போகல. ரெண்டையும் எழுத முடியாதா?"

விதியை மறுபடி படித்தேன். நான் எழுதிய அந்த வரி அதில் எங்குமே தேவைப்படவில்லை. தங்குவது நிபந்தனையா என்றுதான் கேட்டிருந்தார்கள். என் கோபத்துக்கு நான் எழுதிய வரி அது, அக்காவுக்காக எழுதியது இல்லை.

"வேலைக்காகத் தங்கினீங்களான்னு மட்டும்தான் கேக்குறாங்க" என்றேன். "விருப்பமா இல்லையான்னு கேக்கல."

"கேக்கலையா?"

"இல்லக்கா."

"கேக்கலைன்னா எழுத வேணாம். விட்ருங்க."

எடுத்தேன். புதிதாக அடித்துக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மகனின் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். அதை உறையில் வைக்காமல், மேசையின் என் பக்கத்துக்கு நகர்த்தினார்.

"இதையும் சேத்து அனுப்பணுமா?"

"வேண்டாம். இது உங்களப் பத்தி எழுதினது. வச்சுக்குங்க."

"இல்ல, நீங்களே வச்சுக்குங்க தம்பி. இனிமே அது சரியா வராது."

வாக்குமூலமும் ஒப்பந்தமும் மகனுக்குப் போயின. மகன் எழுதிக் கொடுத்தார், கம்பெனி திருத்திய தாளை அனுப்பியது, ஒரு நகல் வரி ஆபீஸுக்கும் போனது. அக்கா மறுபடியும் மாடியேறி வந்தார். இந்தத் தடவையும் உட்காரச் சொல்லும்வரை நின்றார். வீடு விலை பேசியாகிவிட்டது, சாவியை ஒப்படைக்கப் போகிறேன் என்றார். செடிகளைப் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டாராம்.

நான் புதுத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். மேலே 'திருத்தியது' என்று இருந்தது. ரொக்கச் சம்பளமும் மொத்த வருமானமும் இப்போது ஒன்றாக இருந்தன. பிடித்த வரி மாறவில்லை. வருமானம் இறங்கிவிட்டதால் கட்ட வேண்டியது எதுவும் இல்லை, சிறு தொகை திரும்பியும் வரும். கணக்கை அவர் கண்ணெதிரிலேயே அனுப்பினேன். பாக்கி இல்லை என்ற ரசீது வந்தது. அதையும் பிரின்ட் எடுத்தேன். பிரின்டர் அன்று மெல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் சாமர்த்தியத்தை யாராவது ஒரு வார்த்தை பாராட்டினால் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான்.

அக்கா ரசீதைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த அந்தச் சின்ன வரிசையில் விரலை வைத்திருந்தார். தங்குமிடமும் உணவும். அதற்கு நேரே பூஜ்ஜியம்.

"ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்காங்க" என்றார்.

"அதானே நமக்கு வேணும்."

"ஆமா தம்பி. அதான் வேணும்."

அலாரம் அடித்தது. அதே பறவைச் சத்தம். அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். எழவில்லை. சூடாக்கிய இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தக் கையை நீட்டிவிட்டு, நிறுத்தாமல் இழுத்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முதல் நாளே எனக்குச் சொன்னவர், புதிதாக ஒரு சேதி கொண்டுவந்தவரைப்போல, முகம் கோணிப்போய்ச் சொன்னார்.

"அம்மா செத்துட்டாங்க, தம்பி."